அண்ணா திறந்த போர்ட்

கிளிநொச்சி நகரத்தில் வாடகைக்கு இருந்தபோது வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தது. இரணைமடுப் பக்கம் எங்கள் சொந்த வீட்டுக்கு மாறியதும் சிம் போட்ட ரவுட்டர்தான் கிடைத்தது. படம் பார்க்க, அலுவலக வேலை செய்ய அது போதும். ஆனால் கனடாவில் இருக்கும் அண்ணாவோடு ஞாயிறு காலையில் கேம் கொன்சோலில் இணையம் வழியாக விளையாடும் கார் ஓட்டப் பந்தயம் நின்றுபோனது. நான் அழைத்தால் சேர முடியவில்லை என்று வரும். ஒருமுறை எப்படியோ சேர்ந்தோம். அவருடைய குரல் கேட்கவில்லை. கொன்சோலில் பார்த்தால், என் இணைப்பின் NAT வகை "ஸ்ட்ரிக்ட்" என்றிருந்தது; வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாத வகை அது.

"போன்ல கதைக்கலாம்தானே?" என்றார் கணவர்.

போனில் அண்ணா "சாப்பிட்டியோ, சுகமோ" என்பதோடு முடித்துவிடுவார். கார் ஓட்டும்போதுதான் அவருக்குக் கதை வரும்.

இணையத்தில் வாசித்து, ரவுட்டரில் கேம் வந்துபோகும் வாசல்களான போர்ட்களைத் திறந்து கொன்சோலுக்குத் திருப்பிவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. இணைப்புத் தந்த நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போன் எடுத்தேன். பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார்:

"அக்கா, உங்கட ரவுட்டருக்கெண்டு தனியா வெளி முகவரி இல்லை. ஒரு முகவரியைக் கன பேர் சேர்ந்து பாவிக்கினம். நீங்கள் உங்கட வீட்டில போர்ட்டைத் திறந்தாலும், எங்கட பக்கத்தில அது மூடித்தான் கிடக்கும்."

"தனி முகவரி தர ஏலாதோ?"

"இந்தப் பக்கேஜில இல்லை அக்கா."

அண்ணாவுக்கு அதை எழுதி அனுப்பினேன். இனி விட்டுவிடுவோம் என்றும் எழுதினேன். உடனே அழைத்தார்.

"பொறு பிள்ளை. என்ர பக்கம் என்ன வகையெண்டு நான் பார்க்கவே இல்லை."

பார்த்தார். "மொடரேட்", பாதி திறந்த வகை. அது என்னுடைய "ஸ்ட்ரிக்ட்" வகையோடு சேராது, தன்னுடையது முழுதாகத் திறந்திருந்தால் சேரும் என்று வாசித்துச் சொன்னார். கணினி பற்றி ஒன்றும் தெரியாத மனிதர், மூன்று நாளும் வேலை முடிந்து வந்து அதோடு மல்லுக்கட்டினார். கொன்சோலுக்கு வீட்டுக்குள் மாறாத முகவரி ஒன்று கொடுத்து, போர்ட்களை அதற்குத் திருப்பினார். முதல் தடவை ஒரு இலக்கத்தைப் பிழையாக அடித்துவிட்டார். திருத்தியதும் "ஓப்பன்" என்று வந்தது.

அந்த ஞாயிறு என் பக்கம் இன்னும் "ஸ்ட்ரிக்ட்" தான். ஆனாலும் அழைப்பு சேர்ந்தது.

"கேக்குதோ?"

"ஓம் அண்ணா, வடிவாக் கேக்குது."

இரண்டு சுற்று சிரித்துக்கொண்டே ஓடினோம். மூன்றாவது சுற்றின் வளைவில், பாதையைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்ணி பிள்ளையளோட போயிட்டா. நாலு மாசம். நான் தனியத்தான் இருக்கிறன்."

என் கார் வேலியில் மோதி நின்றது. அதைத் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை.

"ஏன் சொல்லேல்லை அண்ணா?"

"போன்ல எப்பிடிச் சொல்லுறது?"

அவரும் காரை நிறுத்திவிட்டார். பந்தயத்தில் சேர்ந்திருந்த மற்றவர்களின் கார்கள் எங்களைக் கடந்து போயின. பந்தயம் முடிந்த பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.