நாற்பது, முப்பத்து நான்கு, எட்டு

கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பின்புறம் உள்ள அச்சகத்தில் தேவகனி இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். வருகிற எழுத்தைக் கணினியில் ஏற்றுவார். புரூப் எடுப்பார். பிழை திருத்துவார். கல்லூரிக்குப் போனதில்லை. ஆனால் ஒரு வாக்கியம் படிப்பவருக்குப் புரியுமா புரியாதா என்று அவரால் சொல்லிவிட முடியும். அந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அச்சகத்தின் தொலைபேசி.

அச்சடிக்கும் நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயரும் எண்ணும் இருக்கும். நோட்டீஸ் புரியாதவர்கள் அதை எழுதியவரைத் தேடமாட்டார்கள். கண்ணில் பட்ட எண்ணைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை பால் சங்கத்தின் நோட்டீசுக்கு ஒரே நாளில் பதினான்கு அழைப்புகள். “எக்கா, கூட்டம் உண்டா இல்லியா?” என்று எல்லாரும் கேட்டார்கள். கூட்டம் உண்டு என்றுதான் அதில் இருந்தது. ஆனால் ‘கூட்டம்’ என்ற சொல் முதல் வரியிலும் ‘நடைபெறும்’ என்ற சொல் ஐந்தாம் வரியிலும் இருந்தன. நடுவில் பழைய தலைவரின் பதவி விலகலும் தீவன விலையும் நுழைந்திருந்தன.

அன்றே தேவகனி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ஒரு பக்கம் வாக்கியம், மறுபக்கம் அது கொண்டுவந்த அழைப்புகள். நாலைந்து வருடத்தில் மூன்று விஷயங்கள் பிடிபட்டன. முதலாவது, வாக்கியத்தில் மொத்தம் எத்தனை சொல். இரண்டாவது, எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே எத்தனை சொல். எழுவாயைப் படித்தவர் வினை வரும்வரை அதைத் தலையில் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும். மூன்றாவது, உள்ளே எத்தனை துணை வாக்கியங்கள். வழியில் வேறு ஆட்கள் வேறு வினைகளோடு ஏறிக்கொண்டால் முதல் சுமை கீழே விழுந்துவிடும்.

பதினெட்டுச் சொல்லுக்கு மேல் போனாலோ, இடைவெளி ஐந்தைத் தாண்டினாலோ, துணை வாக்கியம் இரண்டுக்கு மேல் அடுக்கினாலோ, ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று எண்களை எழுதிவிடுவார். சந்தேகம் இருந்தால் மரியானிடம் படித்துக் காட்டுவார். மரியான் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நிற்பவர். உலகத்தில் எந்த நோட்டீசிலும் அவருக்கு அக்கறை கிடையாது. ‘ஆரு, என்ன செய்யாரு?’ என்ற கேள்விக்கு மரியான் பதில் சொல்லிவிட்டால் அந்த வாக்கியம் தேறியது.

தேவகனியின் மகள் ஜாஸ்மிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஷாஜன் நல்ல பையன். அவனுடைய அப்பா குமாரதாஸ் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முப்பது வருடம் சிவப்பு மையை மற்றவர்கள் தாளில் மட்டுமே பார்த்தவர். அழைப்பிதழை அவரே எழுதி அனுப்பினார்.

‘கர்த்தருடைய கிருபையால், எங்கள் மகன் ஷாஜன், நெய்யூரில் பல் மருத்துவம் பார்த்துவரும் என் மைத்துனர் ஜெயசிங் பெண் பேச, குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்துவரும் என் மைத்துனர் ஞானசிகாமணி முழுமனதோடு சம்மதிக்க, அவர்கள் இருவரையும் ஆளாக்கிய பெரியவர்கள் வாழ்த்துவார்கள் என்று நாங்கள் நம்பியிருக்க, கருங்கல்லில் அச்சகப் பணி செய்துவரும் தேவகனி அவர்களின் மகள் ஜாஸ்மியை மணக்கிறார்.’

ஜாஸ்மி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “அம்மா, ஒண்ணும் மிண்டாத. ஒரு சொல்லையும் தொடாத. அவரு கோவக்காரரு.”

“நான் என்னத்துக்குட்டி தொடப்போறேன்? அவரு மவன் கல்யாணம், அவரு வாக்கியம்.”

“ஒனக்க கை சும்மா இருக்காது. பேனாவ இஞ்ச தா.”

தேவகனி சிவப்புப் பேனாவை மகளிடம் கொடுத்துவிட்டு அச்சகத்துக்குப் போனார். அச்சகத்தில் இன்னொரு சிவப்புப் பேனா இருந்தது.

புரூப் எடுத்தார். எழுத்துப் பிழை இல்லை. அதோடு விட்டிருக்கலாம். மதியம் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே எதிரில் கிடந்த தாளைப் பார்த்தார். இடது கை தானாகப் பேனாவை எடுத்தது. ஷாஜனைச் சுற்றி ஒரு வட்டம். மணக்கிறாரைச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில் 40, 34, 8. எழுதி முடித்தபிறகுதான் தன்னுணர்வு வந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த நேரத்தில்தான் அச்சக உரிமையாளர் பகவதியப்பன் வந்தார். புரூப்பைக் கேட்டுக் குமாரதாஸ் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். பகவதியப்பன் தாளைத் திருப்பி, போட்டோ எடுத்து, வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்.

நாற்பது நிமிடத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குமாரதாஸ் இறங்கினார். கையில் கைப்பேசியை விடைத்தாள்போல் பிடித்திருந்தார்.

“சம்பந்தியம்மா, இது என்ன?”

தேவகனிக்குக் கல்யாணம் கண்முன்னே ஆட்டோ ஏறித் திரும்பிப் போவதுபோல் இருந்தது. “அது ஒண்ணுமில்ல சார். எனக்க பழக்கமாக்கும்.”

“நாப்பது, செரி. பாஸ். எட்டு, அதையும் பொறுத்துக்கிடலாம், ஏதோ கோவத்துல போட்டது. முப்பத்திநாலு எப்பிடி? நான் சர்வீசுல ஒரு பிள்ளையையும் முப்பத்திநாலுல நிறுத்தினதில்ல. ஒரு மார்க்கு போட்டுத் தூக்கிவிட்டுருவேன்.”

பகவதியப்பன் அவசரமாக உள்ளே போய், ஏற்கெனவே எண்ணி வைத்த காகிதக் கட்டை மீண்டும் எண்ணத் தொடங்கினார்.

“இது மார்க்கில்ல சார்,” என்று தேவகனி மூன்று எண்களையும், மரியானிடம் படித்துக் காட்டிச் சோதிப்பதையும் விளக்கினார். ஷாஜன் என்று படித்தவர் முப்பத்து நான்கு சொல் தாண்டித்தான் மணக்கிறாரைச் சந்திக்கிறார் என்றார்.

குமாரதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்போ சின்ன வாக்கியம்னா எல்லாருக்கும் மனசிலாவும், அப்படியாக்கும்?”

“அனேகமா ஆவும் சார்.”

“செரி, ஆறே சொல்லு. கேளுங்க. ‘ஷாஜன் ஜெயசிங் ஞானசிகாமணி சொன்னதை மறுத்ததைக் கேட்டான்.’ ஒங்க மரியானக் கூப்பிடுங்க.”

மரியான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். வாக்கியத்தைக் கேட்டார். மேலே மின்விசிறியைப் பார்த்தார். “மூணு பேரு வந்தாவ. அதுக்கப்புறம் என்னவோ சண்டை.”

“ஆரு ஆரு கூட?”

“அது அந்த மூணு பேருக்கும் தெரியும் சார். எனக்குத் தெரியாது.”

தேவகனி தலையை ஆட்டினார். மூன்று எழுவாய்கள் வரிசையாக வந்து நின்றுகொண்டு வினைக்காகக் காத்திருக்கின்றன. நீளம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியும். சொன்னது தப்புத்தான். “ஒத்துக்கிடுதேன் சார். நீளம் கொறஞ்சாலும் அடுக்கு இருந்தா கஷ்டம்தான். ஆனா ஒங்க அழைப்பிதழயும் ஒருக்க படிச்சிக் காட்டட்டா?”

படித்தார். மரியான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். “இதுல ஆரு கெட்டுகாரு, மரியான்?” என்றார் தேவகனி.

“நெய்யூரு பல் டாக்டரு.”

“ஆரைக் கெட்டுகாரு?”

“பொண்ணு பேசுனாருல்லா? அந்தப் பொண்ணத்தான். இந்த வயசுல என்னத்துக்கு?”

குமாரதாஸ் சிரிக்கவில்லை. கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சம்பந்தியம்மா, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கியளா? மனசிலாவக் கூடாதுன்னுதான் எழுதினேன்.”

ஜெயசிங்கும் ஞானசிகாமணியும் அவருடைய மனைவியின் அண்ணன்மார். இரட்டையர். பிறந்த அமளியில் யார் முதலில் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அறுபத்திரண்டு வருடமாக இருவரும் தானே மூத்தவன் என்கிறார்கள். குமாரதாஸ் தன் மூத்த மகளின் கல்யாண அழைப்பிதழில் பெயர்களை வரிசையாகப் போட்டதால், இரண்டாவதாக வந்த ஞானசிகாமணி பந்தியில் இலையை மடக்கிவிட்டு எழுந்து போய்விட்டார்.

“இதுல ஒருத்தன் பேசுதான், ஒருத்தன் சம்மதிக்கான். எது பெருசுன்னு யோசிக்கதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிரும். நீங்க வெட்டிச் சுருக்கினா தெளிவாயிரும். தெளிவாச்சுன்னா மாப்பிள்ளைக்கு ஒரு மாமன் வரமாட்டான். மாமன் வரலேன்னா எனக்க வீட்டுக்காரி கல்யாணத்தையே தள்ளிப்போடுவா.”

தேவகனி இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு வேண்டுகோளைக் கேட்டதில்லை. வாக்கியத்தைப் புரியவைக்கத்தான் ஆட்கள் வருவார்கள். தாளை எடுத்தார். முதல் வாக்கியத்தை எழுதினார்.

‘கருங்கல் தேவகனியின் மகள் ஜாஸ்மியை எங்கள் மகன் ஷாஜன் மணக்கிறார்.’

“இது கல்யாணத்துக்கு. இது தெளிவா இருக்கணும், இல்லேன்னா டாக்டருக்குக் கல்யாணம்னு ஊரு பறையும்,” என்று சொல்லிவிட்டு ஓரத்தில் 8, 0, 0 என்று போட்டார்.

“ரெண்டு சைபரா?” என்றார் குமாரதாஸ்.

“இதுல சைபர்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்.”

அடுத்தது மாமன்மார். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குமாரதாஸ் சொன்ன ஆறு சொல் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். அதில் முதலில் வந்த எழுவாய்க்கு வினை கடைசியில் வருகிறது. பிந்தி வந்த ஆள் தன் வினையை முந்தி முடித்துவிடுகிறார். அதையே எடுத்துக்கொண்டு, இதுவரை எதையெல்லாம் வெட்டினாரோ அதையெல்லாம் சேர்த்தார்.

‘நெய்யூர் ஜெயசிங், குலசேகரம் ஞானசிகாமணி, பெண் வீட்டார் நல்லவர்கள் என்று ஊரார் சொன்னதைக் கேட்டுச் சொன்னதை ஏற்று முழுமனதோடு நடத்தித்தரும் இத்திருமணத்துக்கு வருக.’

ஓரத்தில் 17, 12, 6 என்று எழுதினார். நீளம் பதினெட்டுக்குள் இருந்தது. மற்ற இரண்டும் பயங்கரமாக இருந்தன. மரியானிடம் படித்துக் காட்டினார்கள்.

“ஆரு, என்ன செய்யாரு?”

“நெய்யூருக்காரரு கேட்டாரு. இல்ல, ஊருல சொன்னாவ. குலசேகரத்துக்காரரு...” மரியான் நிறுத்திவிட்டு இயந்திரத்தைப் பார்த்தார். “எக்கா, வருகன்னு இருக்குல்லா? நான் வந்திருதேன்.”

குமாரதாஸ் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. “இலக்கணப்படி ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஒரு எழவும் மனசிலாவல்ல. சம்பந்தியம்மா, நீங்க எங்க படிச்சிய?”

“இஞ்சதான் சார், போனெடுத்து.”

ஐந்நூறு அழைப்பிதழ்கள் போயின. ஜாஸ்மி இரண்டு சிவப்புப் பேனாக்களையும் கல்யாணம் முடியும்வரை தன் பையில் வைத்துக்கொண்டாள். முதல் வாக்கியத்துக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. இரண்டாவதற்கு இரண்டு வந்தன.

முதலில் நெய்யூரிலிருந்து. தன் பெயரை முதலில் போட்டதற்கு டாக்டர் நன்றி சொன்னார். அரை மணி நேரத்தில் குலசேகரத்திலிருந்து. நான் சொன்ன பிறகுதானே அவன் ஏற்றுக்கொண்டான், அதை ஊரறியப் போட்டீர்களே என்று ஞானசிகாமணி நெகிழ்ந்து பேசினார்.

தேவகனி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பேனா இல்லாததால் பென்சிலால் எழுதினார். அழைப்புகள், இரண்டு.