வெளிநாட்டுக்குப் போகாத மிஸ் கோல்

அந்த டெலிபோன் கம்பனிக் கவுண்டரில் இருந்த தம்பி, குவைத்தில் என் பெண்சாதியை அழவைத்தது நீதான். வேறு யாருமில்லை. நான் சொன்னதை நீ கேட்டாய், சிரித்தாய், பூட்டினாய். அதைத்தான் எழுதப்போகிறேன்.

சண்டை முடிந்து, எங்கள் பக்கத்து ரோட்டில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிச் சோதிக்கிறது கொஞ்சம் குறைந்திருந்த காலம். என் பெண்சாதி இரண்டாம் தடவையாகக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். மகள் குருக்கள்மடத்தில் என் அக்காவோடு இருந்தாள். நான் நெல்லு வெட்டுகிற பெரிய மெஷினோடு வட்டை வட்டையாக, வயல் வயலாகத் திரிந்தேன். அந்த மெஷினுக்கு எங்கள் பக்கத்தில் சுனாமி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெண்சாதிக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "மெஷின் எண்டு சொல்லுங்க, வேற ஒண்டும் சொல்லாதீங்க" என்பாள்.

வீட்டில் ஒரு போன்தான், அது என்னுடையது. பின்னேரம் மகள் அதில் தாய்க்கு ஒரு மிஸ் கோல் அடிப்பாள். ஒருதரம் மணி அடித்ததும் வெட்டிவிடுவாள். 'நாங்கள் வீட்டில் இருக்கிறோம், சுகம்' என்பதுதான் அதன் அர்த்தம். வேலை வீட்டு மேடம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அங்கேயிருந்து தாய் எடுப்பாள். மிஸ் கோலுக்குக் காசு போகாது. எங்கள் ஊரில் பாதிக் குடும்பம் அப்படித்தான் நடந்தது. வெட்டுவதில் என் மகளை அடிக்க ஆளில்லை. மற்றப் பக்கம் ஹலோ சொல்ல வாயைத் திறக்கும்போது இவள் வெட்டியிருப்பாள்.

நான் உன்னிச்சைப் பக்கம் வெட்டுக்குப் போனால் போனும் என்னோடு போய்விடும். அங்கே வட்டைக்குள் சிக்னலும் கிடையாது. அதனால் மகளுக்கு ஒரு போன் எடுத்துக் கொடுக்கச் சொல்லிப் பெண்சாதி நச்சரித்தாள். கிரானில் இருக்கிற அவளுடைய தமையன், என் மச்சான், எடுத்துக் கொடுக்கவே கூடாது என்று நின்றான். "பொம்பிளப் புள்ளைக்குப் போனா? கண்ட கண்ட படமெல்லாம் வரும் மச்சான்" என்றான். கடைசியில், பிள்ளைகளுக்கென்று பூட்டுப் போட்ட இணைப்பு ஒன்று இருக்கிறதென்று கண்டுபிடித்துச் சொன்னதும் அவன்தான்.

பழைய போன் ஒன்றை வாங்கிக்கொண்டு மகளோடு டவுனுக்குப் போனேன். என் அடையாள அட்டை, வீட்டுக் கரண்ட் பில், இரண்டையும் கவுண்டரில் வைத்தேன்.

"ஐயா, தங்கச்சிக்குப் பதினெட்டு ஆகல்லதானே. சிம் உங்கட பேரிலதான் வரும். பில்லும் உங்களுக்குத்தான்" என்றாய்.

"என்ட புள்ளைக்கு நான்தான் பொறுப்பு. எழுது."

மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லை வைக்கச் சொன்னேன். எல்லை கிட்ட வரும்போது மெசேஜ் வரும், எல்லையைத் தொட்டதும் அவள் யாருக்கும் எடுக்க ஏலாது, ஆனால் மற்றவர்கள் அவளுக்கு எடுக்கலாம் என்று விளங்கப்படுத்தினாய். நல்லது என்றேன். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அப்பா, இவ்வளவு கொஞ்சமா? அது ரெண்டு நாளையில முடிஞ்சிரும்."

"முடிஞ்சா வாயை மூடிக்கிட்டுப் படி."

பிறகு இன்டர்நெட். கெட்ட பக்கங்களைக் கம்பனியே தன் இடத்தில் வைத்து மறிக்கும் என்றாய். நம்பாமல், ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். உனக்குக் காது சிவந்துவிட்டது.

"ஐயா, இஞ்ச வச்சு எப்பிடி..."

மகளைச் சுவரில் இருந்த விளம்பரத்தைப் போய்ப் பார் என்று அனுப்பினேன். நீயும் நானும் களவெடுக்கிறவர்கள் போலக் குனிந்து நின்றோம். நீ எதையோ தட்டினாய். இந்தப் பக்கம் மறிக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் வந்தது. எனக்கு மெத்தச் சந்தோஷம். கூட்டாளிமார் புளூடூத்தில் அனுப்புகிறதைக் கம்பனி மறிக்க ஏலாது என்றும் சொன்னாய். அது உன் நேர்மை, இல்லையென்று சொல்லவில்லை.

கடைசியாக வெளிநாட்டுக் கோல். "பூட்டவா ஐயா? இஞ்சயிருந்து போகாது. அங்கயிருந்து வாறது வரும்."

அப்போது நான் சொன்னதை மறந்திருக்க மாட்டாய். "பூட்டு தம்பி. நாங்க எங்க வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற? தாய்க்கு மிஸ் கோல் மட்டும்தான் அடிப்பம்" என்றேன். நீ சிரித்துவிட்டு, "சரி ஐயா" என்று தட்டினாய்.

அன்றைக்கே என் போனில் பெண்சாதியிடம் சொன்னேன்: "புள்ளைக்குப் போன் எடுத்தாச்சு. நாளைக்குப் பின்னேரம் அவளே அடிப்பாள். வாற நம்பரைப் பதிஞ்சு வச்சுக்கோ." நம்பரை வாயால் சொல்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. மிஸ் கோல்தான் நம்பரைக் கொண்டுபோகும். விடிய நான் உன்னிச்சைக்குப் போய்விட்டேன்.

வெட்டு சில நாள் ஓயாமல் நடந்தது. டீசல் முடிந்து, கேனோடு பெரிய ரோட்டுக்கு வந்தேன். சிக்னல் வந்ததும் போன் பிசாசு பிடித்தது போலக் கத்தியது. மெசேஜுக்கு மேல் மெசேஜ். அதற்குள் மச்சானின் கோல்.

"எங்க மச்சான் செத்துக் கிடந்தீங்க? அவள் மேடத்திட்ட டிக்கட் கேட்டு நிக்கிறாள். புள்ளைக்கு என்னமோ நடந்திட்டு, எல்லாரும் மறைக்கிறீங்க எண்டு ஒரே அழுகை."

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கும் அவள் குவைத்தில்தான் இருந்தாள், அது முதல் தடவை போன நேரம். டிவியில் பார்த்தாளாம். லைன் இல்லை. நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக் கரைக்கு ஓடினவன், போன் பேசக் கிடைக்கப் பல நாளாயிற்று. கிடைத்தபோது "எல்லாரும் சுகம்" என்று சொன்னோம். அவளுடைய தாயைக் கடல் கொண்டுபோனதை மறைத்தோம். தூரத்தில் தனியே கிடப்பவளிடம் எப்படிச் சொல்வது? அன்றையிலிருந்து சுகம் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டாள். மகளுடைய சத்தம் வேண்டும்.

ரோட்டோரத்தில் நின்று அவளுக்கு மிஸ் கோல் அடித்தேன். உடனே திருப்பி எடுத்தாள்.

"புள்ள எங்க?"

"அக்கா வீட்ட. சுகமா இரிக்கிறாள்."

"அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னீங்க. அவளை என்னோட பேச வைங்க. இல்லாட்டி வாற பிளேனில ஏறுவன்."

மகளின் நம்பரை வாயால் சொன்னேன். கைக்குக் கிடைத்ததில் கிறுக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். நான் எடுத்துப் பார்த்தேன். எனக்கும் அதே. கேனைக் கடையில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

குருக்கள்மடத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனால், மகள் முற்றத்தில் இருந்து மாங்காய் தின்கிறாள். உப்பும் தூளும் போட்டு. அவளைக் கண்டதும் முதலில் கட்டிப்பிடித்தேன், பிறகுதான் ஏசினேன்.

"போனை ஏன் நிப்பாட்டின?"

அவள் உதட்டைக் கடித்தாள். "அம்மாக்குப் பிரச்சினை வரும் எண்டுதான்."

"என்ன பிரச்சினை?"

"நான் மிஸ் கோல் அடிச்சன் அப்பா. மணியே அடிக்கல்ல. உடனே ஒரு பொம்பிள எடுத்துச் சிங்களத்தில பேசினா. அம்மா வேலை செய்ற வீட்ட கூட நிக்கிற சிங்கள அக்கா எண்டு நினைச்சன். காசு போயிரும் எண்டு டக்கெண்டு வெட்டிட்டன். திரும்ப அடிச்சன், திரும்பவும் அவதான். எந்த நேரம் அடிச்சாலும் அவதான்! அம்மாட போனை அவ பறிச்சு வச்சிருக்கா எண்டு நினைச்சன். திருப்பி எடுத்து ஏசுவா, மேடத்திட்டயும் அம்மாவை மாட்டி விடுவா எண்டு நிப்பாட்டிட்டன்."

என் அக்கா உள்ளேயிருந்து, "அதுதான் நானும் சொன்னன், அந்தப் பொம்பிள சரியில்ல எண்டு!" என்றாள்.

போனை வாங்கி நானே அடித்தேன். அதே சிங்களப் பொம்பிளை. இந்த முறை வெட்டவில்லை. அவள் சொல்லி முடிந்து தமிழில் ஒருத்தி வந்தாள். இந்த இணைப்புக்கு வெளிநாட்டு அழைப்பு வசதி இல்லை என்றாள், மிக மரியாதையாக. கம்பனியில் பதிந்து வைத்த குரல். என் மகளுடைய கைவேகத்துக்குத் தமிழ்ப் பொம்பிளை ஒருநாளும் வாய்திறக்கக் கிடைக்கவில்லை.

என் போனிலிருந்து குவைத்துக்கு மிஸ் கோல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மகளின் போன் அடித்தது. வருகிற கோலுக்குப் பூட்டில்லை என்று நீ சொன்னது உண்மைதான்.

"அம்மா..." என்றாள் மகள். அங்கே மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"என்ன தின்கிற?" என்றாள் தாய்.

"மாங்காய்."

"பல்லுக் கூசும், திண்டது காணும். அப்பாட்ட குடு."

நான் வாங்கினேன். டவுனில் இருக்கிற கம்பனி, மச்சான், நான், மெஷின் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டினாள். கேட்கக் கேட்க எனக்குச் சுகமாக இருந்தது. கடைசியில், "மேடத்திட்ட டிக்கட் வேணாம் எண்டு சொல்லிர்றன்" என்று வைத்தாள்.

மறுநாள் உன்னிடம் வந்தேன். "ஐயா, மிஸ் கோலும் கோல்தான். மணி அடிக்கணும் எண்டா லைன் போகணும்தானே" என்றாய். இப்போது சொல்கிறாய்! தாயின் ஒரு நம்பரை மட்டும் திறந்துவிடு என்றேன். அப்படிச் செய்ய ஏலாது, திறந்தால் எல்லா நாட்டுக்கும் திறக்கும் என்றாய். உலகம் முழுக்கத் திறக்க எனக்கு விருப்பமில்லை. பூட்டு இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வெட்டுக் காலம் முழுக்க இப்படித்தான் நடந்தது. பின்னேரம் மெஷினை நிறுத்திவிட்டு உன்னிச்சைக் குளக்கட்டில் ஏறுவேன். அங்கே ஒரு மூலையில் சிக்னல் பிடிக்கும். மகள் எனக்கு மிஸ் கோல் அடிப்பாள். அதை வாங்கி நான் குவைத்துக்கு அடிப்பேன். அங்கேயிருந்து தாய் மகளுக்கு எடுப்பாள். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. ஆனால் மகளின் நம்பர் பிஸியாக இருக்கிறதா என்று ஒரு தரம் அடித்துப் பார்ப்பேன். பிஸி என்று வந்தால் இறங்கி வந்து குளிப்பேன். "தபால்காரன் கட்டில ஏறிட்டான்" என்று கூட வேலை செய்தவர்கள் நக்கலடித்தார்கள். அடிக்கட்டும்.

தம்பி, நீ கெட்டவன் இல்லை. உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் தாய்க்கு மிஸ் கோல் மட்டும்தான் அடிப்போம் என்று கவுண்டரில் உன் முகத்துக்கு நேரே சொன்னேன். அது போகாது ஐயா என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? உன் கம்பனிக்கும் ஒரு கேள்வி. தாய்மாரில் எத்தனையோ பேர் வெளிநாட்டில் வேலை செய்கிற ஊரில், தாயின் ஒரு நம்பரைத் திறக்க வழியில்லாத பூட்டைப் பிள்ளைகளுக்கென்று ஏன் விற்றீர்கள்? எனக்குக் காதுக்குள் பதில் வேண்டாம். இதை வாசித்த எல்லோரும் வாசிக்கும்படி, உங்கள் பெயரைப் போட்டு, அச்சில் பதில் சொல்லுங்கள்.