பச்சை விளக்கும் பன்னிரண்டு மெஷினும்

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு லிட்டர் என்று பெயர். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்காமல் மனுஷர் ஒரு பேச்சையும் தொடங்கமாட்டார். வீட்டில் பாத்ரூம் குழாய் மெதுவாக வந்தாலும் வாளியை வைத்துக் கணக்குப் போடுவார். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியும் ஏதாவது அளந்து பாத்தீங்களா?" என்று மனைவி கேட்பாள். இருபது வருடமாக ஆக்சிஜன் ரூம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு பக்கம் பத்து சிலிண்டர், இன்னொரு பக்கம் பத்து. ஒரு பக்கம் தீர்ந்தால் இரண்டையும் இணைக்கும் மேனிஃபோல்டு தானாக அடுத்த பக்கத்துக்கு மாறிவிடும்.

பின்கட்டில் காலியாகக் கிடந்த இருபத்திநாலு படுக்கை வார்டை, மூச்சுத்திணறல் நோயாளிகளுக்காக மறுநாள் திறப்பதாக முடிவானது. மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ மெஷின் பன்னிரண்டு வந்து இறங்கியது. ஆக்சிஜன் லைன் தாங்கும் என்று எழுதி லிட்டர் கையெழுத்துப் போட்டால் போதும், காலையில் நோயாளிகளை மாற்றிவிடலாம். ஆஸ்பத்திரி இன்ஜினியர் காகிதத்தை நீட்டினார்.

"சார், இது சாதாரண வார்டுக்குப் போட்ட பதினஞ்சு மில்லிமீட்டர் குழாய். இருபத்திநாலு பேரும் படுத்திருந்தாக்கூட ஒரே நேரத்துல நாப்பத்தஞ்சு லிட்டர் தாண்டாதுன்னு போட்ட கணக்கு. இந்த மெஷின் ஒண்ணே அறுபது லிட்டர் இழுக்கும். பன்னிரண்டும் ஓடினா எழுநூத்தி இருபது."

"அதுக்குத்தான் அலாரம் இருக்கே! பிரஷர் குறைஞ்சா கத்தப்போகுது. உங்க அலாரம்தானே, ஒருநாளும் பொய் சொல்லாதுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுறீங்க?"

இது லிட்டருக்குச் சுருக்கென்று தைத்தது. "சிலிண்டரும் பத்தாது சார். ஒண்ணுல ஏழாயிரம் லிட்டர். மத்த வார்டுகளை விட்டுட்டுப் பாத்தாலே பத்து சிலிண்டரும் ஒன்றரை மணி நேரத்துல காலி. யார் மாத்திக்கிட்டே இருக்கிறது?"

"ஓட்டிப் பாத்துடுவோம்," என்றார் ஹெட் நர்ஸ். அந்த வார்டு அவர் பொறுப்பில் வரப்போகிறது. சுற்றி வளைத்துப் பேச அவருக்குத் தெரியாது. "நோயாளி யாரும் இல்ல. இப்பவே பன்னிரண்டையும் போடுங்க."

போட்டார்கள். கடைசிப் படுக்கைக்கு மேல் சுவரில் இருந்த ஆக்சிஜன் பாயின்டில் லிட்டர் ஒரு பிரஷர் கேஜை மாட்டினார். நாலு பாரில் இருந்த முள் ஒவ்வொரு மெஷினுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பன்னிரண்டாவது ஓடியதும் இரண்டே முக்காலில் நின்றது. கோடியில் இருந்த இரண்டு மெஷின்கள் காற்று வரவில்லை என்று அலறின. வார்டு வாசலில் இருந்த அலாரம் பேனல் மட்டும் வாயே திறக்கவில்லை. பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது.

"பேனல் சரின்னு காட்டுதே! உங்க கேஜ்தான் ஓட்டை," என்றார் இன்ஜினியர்.

கேஜில் ஒரு குறையும் இல்லை என்பது உலகத்தில் லிட்டர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த வார்டு ஓடிக்கொண்டிருந்தபோது, ரிப்பேருக்காக வார்டு வாசலில் இருக்கும் ஆக்சிஜன் வால்வை மூடும்போதெல்லாம் பேனல் கத்தும், ஆளாளுக்கு போன் போட்டு அவர் உயிரை எடுப்பார்கள். இரண்டு நாளைக்கு மட்டும் என்று, வால்வுக்கு அப்பால் வார்டுப் பக்கம் இருந்த பேனலின் பிரஷர் சென்சாரைக் கழற்றி, அறுபது மீட்டர் தள்ளி ஆக்சிஜன் ரூம் வாசலில் மெயின் குழாயில் மாட்டினார். கத்தல் நின்றது. அந்த இரண்டு நாள் இன்றுவரை முடியவில்லை. வார்டில் காற்றே இல்லாமல் போனாலும் ஆக்சிஜன் ரூமில் நாலு பார் இருக்கும்வரை அந்தப் பேனல் பச்சைதான்.

இப்போது தலையாட்டிவிட்டால் விஷயம் தெரியாமலே போய்விடும், ராத்திரியோடு ராத்திரியாகச் சென்சாரைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடலாம் என்று ஒரு நொடி அவர் நினைத்தது உண்மை. ஆனால் பேனல் சரிதான் என்றால் வார்டும் சரிதான் என்று ஆகிவிடும். காலையில் பன்னிரண்டு பேர் வந்து படுப்பார்கள்.

"கேஜ் சரியாத்தான் இருக்கு சார். சென்சார் இங்க இல்ல. நான்தான் கழட்டி மெயின் லைன்ல மாட்டினேன். திருப்பி மாட்டல."

இன்ஜினியர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஹெட் நர்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ நான் இங்க டியூட்டி பாத்தப்ப, என் நோயாளிங்க பக்கத்துல எரிஞ்ச விளக்கு உங்க ரூமுக்குத்தானா?"

"ஆமா சிஸ்டர்."

பெரிய குழாய் இழுத்து, சிலிண்டர் வரிசையையும் கூட்டும்வரை நாலு மெஷினுக்கு மேல் ஓடக்கூடாது என்று காகிதத்தில் எழுதினார்கள். மற்ற எட்டுப் பேருக்கு வேறு ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு டியூட்டி டாக்டர் போன் போட ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் லிட்டர் சென்சாரை வால்வுக்கு அப்பால் வார்டுப் பக்கமே திருப்பிப் பொருத்தினார்.

"வால்வை மூடிக் காட்டுங்க," என்றார் ஹெட் நர்ஸ்.

மூடினார். ஒரு பாயின்டைத் திறந்து காற்றை வெளியே விட்டார். பேனல் சிவந்து வீல் என்று கத்தியது. காது கிழியும் சத்தம். லிட்டர் நிறுத்துகிற பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார்.

ஹெட் நர்ஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கத்தட்டும்," என்றார். "ஆறு வருஷமா கத்தாம இருந்துச்சு."