இருபத்தைந்து என்று எழுதிய நாள்

பழைய அரண்மனையின் ஓவிய அறை வாசலில் அவள் பதினொரு வருடமாக நின்றிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, எல்லாருக்கும் ‘எண்ணிக்கைக்காரி’தான். கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி. ஒருவர் உள்ளே போனால் கட்டைவிரல் அதை ‘டிக்’ என்று அழுத்தும். வெளிவாசலில் நிற்கும் காவல்காரரிடம் இன்னொன்று. அவர் வாக்கிடாக்கியில் “மூணு பேர் வெளிய” என்றால், இவள் மூன்று பேரை உள்ளே விடுவாள். எந்த நேரத்திலும் உள்ளே இருபத்தைந்து பேருக்கு மேல் கூடாது.

பத்தாவதுக்கு மேல் அவள் படிக்கவில்லை. ஆனால் கண் துல்லியம். சின்னப் பெண்ணாக இருந்தபோது, அக்காவின் தையல் பெட்டியில் கிடக்கும் பொத்தான்களை ஒரு பார்வை பார்த்தே எத்தனை என்று சொல்லிவிடுவாள். அக்கா தரையில் கொட்டி எண்ணிப் பார்ப்பாள். ஒன்றுகூடத் தப்பாது.

இருபத்தைந்து என்பது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னது அல்ல. சுவர்களைப் பராமரிக்கும் அம்மாள் ஒருவர் உண்டு. ஊழியர்கள் அவரைச் ‘சுவர் டாக்டர்’ என்பார்கள். ஆள் கூடக்கூட மூச்சிலிருந்தும் உடம்பிலிருந்தும் வரும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சில் ஏறும். உள்ளே இருக்கும் உப்பு கரையும். காய்ந்ததும் அது மறுபடி உறைந்து, வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளும். ஒரு வருடம் ஈரமானியை வைத்து அளந்துதான் அந்த எண்ணை அவர் கொடுத்தார்.

அறையின் கடைசியில் ஒரு வளைவு. அதற்கு அப்பால் ஒரு ஒடுங்கிய பகுதி, பிறகு வெளிவாசல். அந்த ஒடுக்கத்தில்தான் கண்ணாடியில் முகம் பார்க்கும் பெண்ணின் ஓவியம் இருக்கிறது. ஊழியர்களுக்கு அவள் ‘கண்ணாடிக்காரி’. வருகிறவர்கள் எல்லாரும் அவள் முன்னால் வந்ததும் நின்றுவிடுவார்கள்.

ஒரு விடுமுறை நாள். மழை பிடித்துக்கொண்டது. வெளிவாசல் காவல்காரருக்குக் காய்ச்சல். “நீயே ரெண்டையும் பாத்துக்கோம்மா, ஒருநாள்தானே” என்றார் மேலாளர். இரண்டு கருவிகளையும் இரண்டு கைகளில் பிடித்து உள்வாசலில் நின்றாள். அங்கிருந்து வளைவுவரைதான் தெரியும். வெளியே வரிசை முற்றத்தைத் தாண்டிவிட்டது.

“ஏம்மா, மழைல நனைய விட்டு வேடிக்கை பாக்குறியா? குழந்தை இருக்கு!” என்று ஒருவர் கத்தினார்.

“உள்ள இருக்குறவங்க குடித்தனமே பண்றாங்க போல!” என்றார் இன்னொருவர். வரிசை சிரித்தது.

அவள் அன்றுதான் அதைச் செய்தாள். வளைவில் ஆள் திரும்பி மறைந்ததுமே ‘வெளியே போயாச்சு’ என்று இடது விரலை அழுத்தினாள். ஒரு மணி நேரம் அப்படியே ஓடியது. கருவிகளின் கணக்கில் உள்ளே இருப்பவர்கள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. கண்ணாடிக்காரியின் முன்னால் எத்தனை பேர் நனைந்த உடையோடு நெருக்கிக்கொண்டு நின்றார்கள் என்று அவள் போய்ப் பார்க்கவில்லை. மாலையில் பதிவேட்டில் ‘உச்சம்: 25’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து, அறையைத் திறக்கப் போனபோது கண்ணாடிக்காரியின் காலடியில் நகத்தளவு சில்லு ஒன்று கிடந்தது. நிமிர்ந்து பார்த்தாள். இடது கண் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

அன்றிலிருந்து அவளால் அந்த அறையில் தனியாக இருக்க முடியவில்லை. மாலையில் இரண்டு கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டும், உள்ளே யாரும் பாக்கியில்லை என்று. வளைவுக்கு அப்பால் இன்னும் யாரோ மூச்சு விடுவதுபோல் இருக்கும். திரும்பிப் போய்ப் பார்ப்பாள். வெள்ளைக் கண் மட்டும் அவளைப் பார்க்கும். பூட்டிய பிறகும் கதவில் காதை வைப்பாள். பேருந்தில் ஏறுகிறவர்களைக் கண்டால் கட்டைவிரல் தானாகத் துடிக்கும்.

“சாப்பிடறப்பகூட யாரைடி அழுத்திக்கிட்டிருக்கே?” என்றாள் அக்கா. “வீட்டுல நாம ரெண்டு பேர்தானே?”

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

அடுத்த வாரம் மேலாளர் ஊழியர்களைக் கூப்பிட்டார். சுவர் டாக்டர் ஈரமானியின் வரைபடத்தை மேசையில் விரித்தார். வழக்கமாக அறுபது சதவீதத்தைச் சுற்றி ஓடும் கோடு, அந்த விடுமுறை நாளில் எண்பத்து நான்குக்கு ஏறி, பிறகு விழுந்திருந்தது.

“பதிவேட்டுல உச்சம் இருபத்தஞ்சுதான்” என்றார் அவர். “இருபத்தஞ்சுக்கே சுவர் இப்படி ஆகுதுன்னா, நான் குடுத்த கணக்கு தப்பு. பத்துப் பேருக்கு மேல விட முடியாது.”

“பத்துப் பேருக்காக யாரு மேடம் ஒரு அறையைத் தொறந்து வைப்பாங்க?” என்றார் மேலாளர். “நிரந்தரமா மூடிடலாம். வெளியில ஒரு புகைப்படத்தை மாட்டுவோம். வெள்ளிக்கிழமை மேலிடத்துக்கு அறிக்கை போயிடும்.”

அவள் வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“சொன்னா உன் வேலை போயிடும்” என்றாள் அக்கா.

“சொல்லலன்னா அந்த அறை போயிடும்க்கா. இனிமே யாரும் அவளைப் பாக்க முடியாது. எல்லாம் என்னாலதான்.”

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “அப்போ வெறும் வாயால சொல்லாதே. பொத்தானைக் கொட்டிக் காமிக்கிற மாதிரி காமி.”

வெள்ளிக்கிழமை காலை அவள் மேலாளர் அறைக்குப் போனபோது சுவர் டாக்டரும் இருந்தார். நடந்ததைச் சொன்னாள்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். “அறையை மூடினா வேலை போகுமேன்னு கதை கட்டுறியா?”

அவள் குடை வைக்கும் மேசையின் நோட்டைப் பிரித்து வைத்தாள். ஓவிய அறைக்குள் போகுமுன் அங்கே குடையைக் கொடுத்து எண் வில்லை வாங்க வேண்டும். வெளியே வந்ததும் வில்லையைத் தந்து குடையை எடுக்க வேண்டும். வாங்கிய நேரமும் திருப்பித் தந்த நேரமும் அதில் இருந்தன. பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் குறித்திருந்தாள்.

“மதியம் பன்னெண்டே காலுக்கு நாப்பத்தொரு குடை திரும்பி வரல மேடம். குடை இல்லாம வந்தவங்க வேற. உள்ள இருந்தது வெறும் இருபத்தஞ்சு பேர் இல்ல.”

சுவர் டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் பார்த்தார், பிறகு வரைபடத்தை, மறுபடி நோட்டை. கடைசியில், “கோடு ஏறின நேரம் ஒத்துப்போகுது” என்றார். “அந்த இடம் ஏற்கெனவே லேசா உப்பியிருந்தது. இந்தக் கூட்டம் தள்ளி விட்டிருக்கு.” மேசைமேல் இருந்த, அறையை மூடச் சொல்லும் அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அறையை நான்கு மாதம் ஓய்வில் விட்டார்கள். இருபத்தைந்து அப்படியே நின்றது. கடைசி ஒடுக்கத்துக்கு மட்டும் தனியாக ஆறு பேர் என்று வரம்பு வந்தது, அங்கே ஒரு ஆளும் வந்தார். மழை நாளில் இருபதுதான். காவல் குறைந்தால் அறை திறக்காது. அவளுக்கு ஒரு மாதம் சம்பளமில்லை; பிறகு குடை மேசையில் உட்கார வைத்தார்கள். கருவியைப் புதிதாக வந்த பெண்ணிடம் ஒப்படைத்தாள்.

அறை திறந்த அன்று சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். புதிய பெண் சிரித்தபடி அழுத்தினாள். “வாங்கக்கா. நீங்கதான் இருபத்தஞ்சு.”

கண்ணாடிக்காரியின் முன்னால் வந்தாள். கண்ணை யாரும் வரைந்து நிரப்பவில்லை. சுற்றிலும் விளிம்பை மட்டும் ஒட்டிப் பிடித்திருந்தார்கள். அந்த வெள்ளையை அவள் பார்த்தாள். பின்னால் யாரோ மெதுவாக, “கொஞ்சம் நகருங்களேன்” என்றார்கள்.

வெளிவாசலைத் தாண்டினாள். படியிறங்கி வெயிலில் நின்றாள். பிறகும் போகாமல் திரும்பி, காவல்காரரிடம் கேட்டாள்:

“அண்ணே, என்னை அழுத்திட்டீங்களா?”

“அழுத்தியாச்சும்மா. நீ வெளியதான் நிக்கிறே.”

அவள் தலையாட்டினாள். ஆனாலும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னொருவர் வர வேண்டியது பாக்கி இருப்பதுபோல.