அத்தையின் முதுகு

என் மாமியாருக்குக் கோபம் தெலுங்கில் வரும், பேரம் கன்னடத்தில் நடக்கும், சாமி கும்பிடுவது மட்டும் தமிழில். ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையில் இருந்த எங்கள் ஊரில் மூன்று பாஷையும் எல்லோருக்கும் வரும்தான். ஆனால் ஒரே மூச்சில் மூன்றையும் கலந்து பேசியவரை அவரைத் தவிர நான் பார்த்ததில்லை. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு, அவர் திட்டுகிறாரா கொஞ்சுகிறாரா என்று புரியவே ஒரு வருஷம் ஆயிற்று. இரண்டையும் சேர்த்தே செய்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில், களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தவர் முறத்தோடு சரிந்து விழுந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் உணர்வில்லாமல் போயின. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் அந்த ஆஸ்பத்திரி நர்சம்மா வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கும் பஸ்ஸில் வந்துபோவார்.

முதல் தடவை வந்தபோதே நர்சம்மா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"நீயும் நானும் தூங்கும்போது நம்மள அறியாம புரண்டு படுக்கறோம். ஒரு எடம் வலிச்சா ஒடம்பு தானா நகந்துக்கும். இவங்களால நகரவும் முடியாது, பாதி ஒடம்புல வலியும் தெரியாது. எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவுல தோலும் சதையும் மாட்டிக்கினு நசுங்கும். நசுங்கற எடத்துக்கு ரத்தம் போவாது. ரத்தம் போவலன்னா சதை செத்துப்போவும். மொதல்ல ஒரு செவப்புதான் தெரியும். அதை விட்டா தோல் கிழியும், அப்புறம் எலும்பு வரைக்கும் புண்ணு. ஆளையே கொண்டுபோயிடும்."

"என்ன பண்ணணும் நர்சம்மா?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடு. ராத்திரியும்தான். ஒரு பக்கம், மல்லாக்க, மறுபக்கம். அவ்வளவுதான் மருந்து."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "நான் என்ன பரண்ல வச்ச பூசணிக்காயா, அழுகிடும்னு திருப்பித் திருப்பி வைக்க?" என்றார்.

"அதேதாம்மா. பூசணிக்காய்க்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா?" என்றார் நர்சம்மா.

திருப்புவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. வலது பக்கம் திருப்ப வேண்டுமென்றால் நான் வலது பக்கம் போய் நின்றுகொள்வேன். விழுந்துபோன இடது கையை எடுத்து மார்மேல் வைத்து, இடது முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து என் பக்கமாக உருட்டுவேன். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை அண்டை கொடுத்து, இடுப்பெலும்பின் மேலேயே முழுப் பாரமும் விழாமல் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் படுக்கையைத் தொடாமல் இருக்க. மேலே நகர்த்தும்போது இழுக்கக் கூடாது. நானும் என் வீட்டுக்காரரும் அடியில் விரித்த துப்பட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் வைப்போம். துணியில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஈரம் இருக்கவே கூடாது. இதெல்லாம் சீக்கிரமே கை பழகிவிட்டது. அத்தைதான் பழகவில்லை.

அவருக்கு மல்லாந்து, முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துப் பாதி உட்கார்ந்தாற்போல இருக்க வேண்டும். கட்டில் கூடத்துச் சுவரோரமாக, ஒரு ஆள் நிற்க மட்டும் இடைவெளி விட்டுக் கிடந்தது. அவரைப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருக்கும். தளியிலிருந்து பூக்காரி, தேன்கனிக்கோட்டையிலிருந்து சொந்தக்காரர்கள், பக்கத்து ஊர் மணியக்காரர் வரை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதுகைக் காட்டுவதென்பது அத்தையின் கணக்கில் அவர்களை வெளியே போகச் சொல்வதற்குச் சமம். சண்டை போட்டவர்கள் வந்தால்கூட முகத்தைப் பார்த்துத்தான் திட்டுவார். சுவர்ப்பக்கம் திருப்பினால் வாசலுக்கு முதுகு. அதனால் ஆள் வரும் சத்தம் கேட்டாலே, "ஏ புள்ள, என்னைத் தூக்கி வை" என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் போவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். தலையணையில் சாய்ந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவார். தோல் துணியோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் கீழே வழுகும், அதுவும் சதையைக் கிழிக்கும் என்று நர்சம்மா எச்சரித்திருந்தார். நான் முணுமுணுத்துக்கொண்டே தூக்கித் தூக்கி வைத்தேன்.

அந்தச் சமயத்தில் தேன்கனிக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார் அம்மாவைப் பார்க்க வந்தார். வாலெலும்பு இருக்கும் இடம் லேசாகச் சிவந்திருந்ததை நான் காட்டினேன். பார்த்தவர் கண்கலங்கிப் போனார். உடனே ஒரு பழைய சேலையைக் கிழித்து, முறுக்கி, வட்டமாகச் சுற்றி அழகான ஒரு சும்மாடு செய்தார். தண்ணீர்க்குடத்தைத் தலையில் வைத்துப் பழகிய கை. குடத்தின் பாரம் உச்சந்தலையில் உறைக்காமல் இருக்கச் சும்மாடு வைக்கிறோமே, அதே மாதிரி வாலெலும்பு நடுவில் உள்ள குழியில் தொங்கிக்கொண்டிருந்தால் பாரம் படாது என்பது அவர் யோசனை. யாருக்கும் அது சரியென்றுதான் பட்டது. எனக்கும்தான். அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, என் மவ மூளையை. இனிமே என்னைப் பொரட்டற வேலை உனக்கு இல்ல. போய் அவரைக்கா உரி."

மறுநாள் காலை உடம்பு துடைக்கும்போது பார்த்தேன். முதுகின் அடியில் வளையமாக ஒரு சிவப்பு, குங்குமத்தில் வட்டம் போட்ட மாதிரி. நடுவில் இருந்த பழைய சிவப்பு இன்னும் கருத்திருந்தது. நர்சம்மா ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருந்தார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு சிவக்க வேண்டும். அப்படியானால் ரத்தம் இன்னும் ஓடுகிறது. வெளுக்கவே இல்லையென்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. நான் அழுத்தினேன். வெளுக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன்.

நல்லவேளையாக அன்று நர்சம்மா வரும் நாள். சும்மாட்டை எடுத்து ஓரமாக வைத்தார். கோபப்படவில்லை.

"தலையில குடத்தைக் கொஞ்ச நேரம்தான் வைக்கறோம். இதுல நாள் பூரா படுத்தா, நடுவுக்குப் போவற ரத்தத்தைச் சுத்திவர இறுக்கிப் புடிச்சிக்கும். இன்னும் மோசம்."

நாத்தனார் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து உருவிவிடட்டுமா என்று கேட்டார். அந்த நாளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் முதுகில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்ப்பது ஆஸ்பத்திரியிலேயே வழக்கம். ஆனால் சிவந்த இடத்தில் கை வைக்க நர்சம்மா விடமாட்டார். "நசுங்கின சதையை இன்னும் நசுக்காதீங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இந்தச் செவப்பு போவற வரைக்கும் மல்லாக்கவே படுக்கக் கூடாது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான். இன்னும் தோல் கிழியல. கிழியாம பாத்துக்கறது உன் கையில இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானமே பூக்காரி வந்தாள். "ஹேகித்தீரா அம்மா?" என்று நலம் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள். அத்தையைச் சுவர்ப்பக்கம் திருப்பும் நேரம் அது. அத்தை நல்ல கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டேன். புண்ணு வந்தா வந்துட்டுப் போவட்டும். வந்தவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன்னு ஊர்ல சொல்லக் கூடாது."

எனக்கு வந்ததே கோபம். மாமியார் என்றும் பார்க்கவில்லை.

"செத்தா யாருக்கு முகத்தைக் காட்டுவீங்க அத்தை?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை சுவரைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. பிடிவாதமில்லை, மானம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. களத்தையும் சந்தையையும் ஆண்ட மனுஷிக்கு, படுக்கையில் விழுந்த பிறகு மிச்சம் இருந்த மரியாதை அது ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கப் பார்த்தால் எப்படி விடுவார்?

"பூக்காரம்மா, கூடையை வச்சிட்டு வா, ஒரு கை புடி" என்றேன். நானும் அவளும் நாத்தனாருமாகக் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தோம். நெல் மூட்டை போட்டுவைக்கும் பெஞ்சு ஒன்று இருந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு அதைச் சுவர்ப்பக்கம் போட்டேன். அத்தையை அந்தப் பக்கம் திருப்பி, தலையணைகளை அண்டை கொடுத்துவிட்டு, பூக்காரியை அவர் முகத்துக்கு நேரே உட்காரவைத்தேன்.

"இப்ப யாருக்கு முதுகைக் காட்டறீங்க?"

அத்தைக்குப் பின்னால் இப்போது கூடத்துத் தூண்தான் நின்றது. "தூணுக்கு" என்றார். பிறகு பூக்காரியிடம் கன்னடத்தில் சாமந்தி விலையை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதுவே முறையாகிவிட்டது. கூடத்துக் கடிகாரத்தில் மணி அடித்ததும் நான் வருவேன், பேச்சு நிற்காமலே அத்தையைத் திருப்புவேன், வந்தவர்கள் எழுந்து கட்டிலைச் சுற்றிப்போய் மறுபக்கம் உட்காருவார்கள். மணியக்காரர்கூடக் காபி டம்ளரோடு எழுந்து சுற்றிவந்தார். தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று, "இன்னிக்கு அம்மா எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அத்தைக்கும் அதில் ஒரு பெருமை. பிடிக்காதவர்கள் வந்தால், மணி அடிக்காவிட்டாலும், "திருப்பு புள்ள, நேரமாச்சு" என்று சொல்லி அவர்களை எழுந்து சுற்றவைத்து, எனக்குக் கண்ணடிப்பார்.

தினமும் காலையில் விரலால் அழுத்திப் பார்ப்பேன். முதலில் வளையம் போயிற்று. பிறகு ஒருநாள் நடுவில் அழுத்தியபோது இடம் வெளுத்து மெல்லச் சிவந்தது. நான் அவர் முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். "என்னடி கூசுது" என்றார். அந்த இடத்தில் அவருக்குக் கூச்சம் தெரிந்ததா, சும்மா சொன்னாரா, தெரியாது.

அப்புறமும் அத்தை சில வருஷம் இருந்தார். கடைசியில் இருதயம் நின்று, காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். குளிப்பாட்டுவதற்காகத் திருப்பியபோது பெண்கள் எல்லோரும் அவர் முதுகைப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. நாத்தனார் அதைத் தடவித் தடவி அழுதார்.

கூடத்தில் தெற்கே தலைவைத்து மல்லாக்கக் கிடத்தினோம். ஊரே வந்தது. பழக்கதோஷத்தில் சிலர் எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியாமல் தயங்கி நின்றார்கள். நான் அழவில்லை. வேலை இருந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் அடித்தது. நான் எழுந்து தலையணையை எடுத்துக்கொண்டு அத்தையின் பக்கம் போய், இடது கையைத் தூக்கி மார்மேல் வைத்து, முழங்காலுக்கு அடியில் கைகொடுத்தேன்.

நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும் கண்ணு" என்றார். "இனிமே அம்மா மல்லாக்கவே படுத்துக்கட்டும்."