இரண்டு முறை வாங்கிய மெம்பரேன்

ஐரோலியில் எங்கள் கம்பெனி நடத்தும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஒப்பந்தம் முடியவிருந்தது. இன்னும் இருபது வருடம் எடுத்து நடத்தலாமா என்று இயக்குநர்கள் மறுநாள் தீர்மானிப்பார்கள். எடுத்தால் முதலில் புதிய மெம்பரேன்கள் போட வேண்டும். அழுக்கைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிகட்டிச் சவ்வுகள் அவை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

செம்பூர் அலுவலகத்தில் நிதிப் பிரிவின் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. வரப்போகும் பணத்தையும் போகப்போகும் பணத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டிக் கழிப்போம். அதுதான் என்.பி.வி. அது மைனஸில் நின்றது; எடுத்தால் நஷ்டம் என்று பொருள்.

"விலையைக் கொஞ்சம் ஏத்தினா?" என்று கேட்டார், கணக்கைப் பார்க்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிலையத்தின் மேலாளர். கோவண்டியில் குடியிருக்கும் தூத்துக்குடிப் பக்கத்து இன்ஜினியர் அம்மா. ஒப்பந்தம் போனால் அவருடைய ஆட்கள் எல்லாரும் கலைய வேண்டியதுதான்.

"நம்ம இஷ்டத்துக்கு ஏத்த முடியாதும்மா. லிட்டருக்கு என்னன்னு ஒழுங்குமுறை ஆணையம்தான் சொல்லும்."

அவர் என் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு வருடத்திலும் 'மெம்பரேன்' என்று ஒரு வரி.

"என்ன சார், வருஷா வருஷம் மெம்பரேன் வாங்குதீங்க? எங்க வச்சிருக்கீங்க? என் கண்ணுல ஒண்ணும் படலியே."

கிண்டல்தான். ஆனால் நான் சிரிக்கவில்லை. அந்த வரி ஆடிட்டுக்கான ஒதுக்கீடு: வருங்காலச் செலவை வருடத்துக்கு வருடம் புத்தகத்தில் பிரித்து எழுதுவது. அதில் காசு வெளியே போவதில்லை. கீழே தேடினேன். ஏழாம் வருடத்திலும் பதினாலாம் வருடத்திலும் மெம்பரேன் வாங்கும் பணம் முழுதாக இருந்தது. புத்தகக் கணக்கிலிருந்து யாரோ அந்த வரியை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே சவ்வுக்கு இரண்டு முறை பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒதுக்கீட்டு வரியை எடுத்தேன். என்.பி.வி. பிளஸுக்கு வந்தது, தயங்காமல்.

"அடி சக்கை," என்றார் அவர், மெதுவாக.

மறுநாள் மாட்டுங்காவிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டேன். கூட்டத்தில் மூத்த இயக்குநர் நான் எதிர்பார்த்ததைத்தான் கேட்டார். "ஏழு வருஷம் தாங்கலேன்னா?"

"ஆறுதான்னு வச்சுப் போட்டுப் பார்த்துட்டேன் சார். ஆறு, பன்னெண்டு, பதினெட்டுன்னு மூணு தடவை மாத்தணும். லாபம் குறையறது, அப்பவும் பிளஸ்தான்."

"நிலையத்துல என்ன சொல்றா?"

"இப்ப கெடக்க மெம்பரேனே எட்டாவது வருஷம் ஓடுது சார்," என்றார் என் பக்கத்தில் இருந்த இன்ஜினியர். "மருந்து போட்டுக் கழுவுறதுல நாங்க ஒரு தடவைகூட விட்டதில்ல."

இயக்குநர் பேனாவை மூடிவிட்டு இருவரையும் பார்த்தார். "எடுத்துக்கலாம்."

அன்று மாலை ஐரோலியிலிருந்து போன். பின்னால் பம்புச் சத்தத்தையும் மீறி ஆட்களின் கூச்சல்.

"சார், பயலுக சமோசா வாங்கியாந்திருக்கானுவ. உங்க பங்கு இங்கதான் இருக்கு, வாங்க," என்றார் இன்ஜினியர். பிறகு, "சமோசா ஒரு தடவைதான் வாங்கினோம், கணக்குல ஒழுங்கா எழுதிக்கோங்க."