லாக்-இன் இல்லாத ஊரிலிருந்து ஒரு கரோசல்

பாறசாலையில் ஆதாரம், அதாவது பத்திரம், எழுதும் ஆபீஸ்களுக்கு நடுவே உள்ள கணினிக் கடையில் பிரசீதா வாடகை ஒப்பந்தங்கள் டைப் செய்கிறாள். பழைய ஒப்பந்தத்தைத் திறந்து பெயரையும் விலாசத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. சுற்றியுள்ள கொல்லயிலிலும் குன்னத்துகாலிலும் யாரும் அதைப் படிப்பதில்லை. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒரே பேருந்தில் போகிறவர்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம். வேலைக்காகப் பெங்களூர் போகிறவர்களை அங்கே எந்த நம்பிக்கை காப்பாற்றும்?

அந்த எரிச்சலில்தான் அவள் இன்ஸ்டாகிராமில் ஒரு கரோசல் போட்டாள். விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் படங்கள். ஓராண்டைத் தாண்டினால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால் பதினொரு மாதம். அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள். பழுது யார் செலவு. வீட்டுக்காரர் சொல்லாமல் உள்ளே வரலாமா. நோட்டீஸ் பற்றிய படத்தில், ‘ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொன்னால் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம்’ என்று எழுதியிருந்தாள்.

அவளோடு படித்த அபிலாஷ் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். புதிய வேலை, முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள்.

“பிரசீதே, வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்து கேக்காவ, இன்னைக்கு ஒப்பிட்டுக் குடுக்கணும். உனக்க படத்தைப் பாத்தபிறவாக்கும் தைரியம் வந்தது. வேலை போனா ஒரு மாச நோட்டீஸ், நேரா ஊருக்கு.”

“ஒப்பந்தத்தை அனுப்பு, பாக்கட்டு.”

படித்தாள். ‘லாக்-இன்’ என்று ஒரு பிரிவு. பதினொரு மாதம் முடியும் முன் குடியிருப்பவர் போனால் மீதி மாத வாடகையையும் தர வேண்டும். வீட்டுக்காரர் மட்டும் ஒரு மாத நோட்டீஸில் வெளியேறச் சொல்லலாம். அவள் டைப் செய்த எந்த ஒப்பந்தத்திலும் இது இருந்ததில்லை. அதனால் படத்திலும் வரவில்லை.

“எலே, ஒப்பிடாதே! நான் எழுதினது தப்பு. லாக்-இன் முடியாம உனக்கு நோட்டீஸ் உதவாது.”

“நல்ல வக்கீலாக்கும் நீ! இங்க எல்லாரும் இப்படித்தான் போடுகாவன்னு புரோக்கர் சொல்லுகான்.”

“எல்லாருக்கும் டைப் அடிச்சுக் குடுத்தா அநியாயம் நியாயம் ஆயிருமா? மூணு மாசமாக் குறைக்கச் சொல்லு. வீட்டுக்காரருக்கும் அதே மூணு மாசம் வேணும். வாயால சொன்னா போராது, எழுத்துல வரணும்.”

போட்ட கரோசலில் படத்தை மாற்றி வைக்க முடியாது. பலர் சேமித்துவைத்த அந்தப் பதிவை மொத்தமாக நீக்கினாள். தவறு எது என்று முதல் படத்திலேயே சொல்லி, லாக்-இன்னை நோட்டீசுக்கு முன்னால் வைத்துப் புதிதாகப் போட்டாள்.

சாயங்காலம் அபிலாஷ் மறுபடி கூப்பிட்டான். “ரெண்டு பேருக்கும் மூணு மாசம்னு மாத்திட்டாரு. ஆனா காலி செய்யும்போ பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிப்பேன்னு புதுசா ஒண்ணு சேத்திருக்காரு.”

“முழுக்க வாசிச்சியா மக்கா?”

“ரெண்டு தடவை. பெயின்ட்டை நான் தாங்கிக்கிடுவேன். தெரிஞ்சே ஒப்பிடுகேன்.”

“அப்ப போடு.”